முதலிடமும் முப்பது நாளும்



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், திருச்சியிலிருந்து என் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கின்றாள். என் தங்கை வீட்டில் கைமுறுக்குச் சுற்றி விற்கின்றாள். மகள் அம்முறுக்கைப் படம் பிடித்து, கைப்பேசி வழியாக ஊருக்கெல்லாம் காட்டி, வேண்டுவோர்க்கு அனுப்புகின்றாள். “மாமா, தீபாவளிக்கு இப்போதே ஆயத்தமாகிறோம். படத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். நீங்கள் முப்பது ஆண்டு விளம்பரம் எழுதியவர்தானே, பார்த்துச் சொல்லுங்கள்” என்றாள்.

அவள் எழுதியிருந்தது இது: “தமிழகத்தின் நம்பர் ஒன் முறுக்கு! சுவையில் மிகச் சிறந்தது! ஒரு மாதம் மொறுமொறுப்பு கேரண்டி!”

மூன்று வாக்கியங்கள், மூன்று வியப்புக்குறிகள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதினேன். அதனால்தானோ என்னவோ, எனக்குச் சற்றே கூச்சமாக இருந்தது. “இம்மூன்றும் ஒரே வகைச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துக்கொள்வோம்” என்றேன். அன்று தொடங்கிய பேச்சு ஏறத்தாழ ஒன்றரை மாதம் நடந்தது. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகின்றேன்.

முதலில் ‘மிகச் சிறந்தது’ என்பதைப் பார்த்தோம். மூன்றனுள் குற்றம் குறைந்த சொல் இதுவே. சுவை என்பது நாவுக்கு நாவு வேறுபடும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். தன் தாய் சுட்ட முறுக்கே சிறந்தது என்று ஒரு பெண் சொன்னால், அதை ஆராய்ந்து முடிவு சொல்லும்படி எவரும் நீதிமன்றம் செல்லமாட்டார். இத்தகைய புகழுரையைச் சட்டம் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றது.

ஆனால் இச்சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து நிற்கின்றது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இரண்டு பெரிய பிட்சா நிறுவனங்களுக்குள் ஒரு வழக்கு நடந்தது. மேலான பொருள்கள், மேலான பிட்சா என்ற கருத்தில் ஒரு நிறுவனம் தன்னை விளம்பரம் செய்துகொண்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பு வழங்கியது. அத்தொடர் தனியே நிற்கும்போது அது வெறும் புகழுரைதான் என்றது. ஆனால் போட்டி நிறுவனத்தின் சாற்றையும் மாவையும் ஒப்பிட்டுக் காட்டிய விளம்பரங்களோடு சேர்ந்தபோது, அதே தொடர் மெய்ப்பிக்க வேண்டிய செய்தியாக மாறி, மக்களைத் தவறாக எண்ணச் செய்வதாயிற்று என்றது. அந்த விளம்பரத்தை நம்பியே மக்கள் வாங்கினார்கள் என்பதை எதிர்த்தரப்பு காட்டவில்லை. ஆதலால் அந்நிறுவனம் தப்பியது. ‘மேலான’ என்ற சொல் மாறவில்லை. பக்கத்தில் வந்து நின்ற சொற்கள் அதன் பொருளை மாற்றின.

“அப்படியானால் ‘சிறந்தது’ என்று எழுதலாமா, மாமா?” என்று கேட்டாள்.

“எழுதலாம். ஆனால் அதைப் படித்தவன் உன் முறுக்கைப் பற்றி என்ன தெரிந்துகொண்டான்?” என்றேன்.

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு தாயைக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். பச்சரிசி மாவு, வறுத்த உளுந்து மாவு, வெண்ணெய், சீரகம். தேங்காய் எண்ணெயில் வேகவைப்பது. நாழியில் பிழியாமல் கையால் சுற்றுவது. “இதை எழுது. இவற்றுள் ஒவ்வொன்றும் வாங்குபவனுக்கு ஒரு செய்தி” என்றேன். அப்போது பின்னாலிருந்து என் தங்கையின் குரல் கேட்டது. “அண்ணா, தீபாவளி வாரத்தில் கை ஓயாது. பாதியை நாழியில்தான் பிழிவேன். அதையும் சொல்லிவிடு.”

அவள் பள்ளிப் படிப்பைத் தாண்டியவள் அல்லள். என் முப்பது ஆண்டுத் தொழில் எனக்குக் கற்பிக்காத ஒன்றை அவள் அடுப்பங்கரையிலிருந்து சொன்னாள். ‘கையால் சுற்றியது’ என்பது ஆனியிலும் ஆவணியிலும் மெய். ஐப்பசியில் பாதி பொய். படத்தின் கீழ் எழுதிய குறிப்பு அதுவாக அழிந்துபோவதில்லை. ஆவணியில் எழுதியதை ஐப்பசியிலும் ஒருவன் படித்துப் பணம் அனுப்புவான். ஆதலால் இரண்டு படங்கள், இரண்டு குறிப்புகள் என்று முடிவாயிற்று. கைச்சுற்று ஒரு விலை, நாழி முறுக்கு ஒரு விலை.

அடுத்தது ‘நம்பர் ஒன்’. இது புகழுரை போலத் தோன்றும், உண்மையில் கணக்கு. முதலிடம் என்றால் வரிசை ஒன்று இருக்க வேண்டும். வரிசை என்றால் அதில் நிற்பவர் யார், எதைக் கொண்டு வரிசைப்படுத்தினார்கள், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்ற வினாக்களுக்கு விடை இருக்க வேண்டும். விற்ற எடையிலா, பெற்ற பணத்திலா, வாங்கியவர் தொகையிலா? எடையில் முதலாவது நிற்பவன் பணத்தில் மூன்றாவது நிற்கக்கூடும்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்ற அமைப்பு 2020-இல் நிறுவப்பட்டது. பற்கூச்சத்துக்கென விற்கப்படும் ஒரு பற்பசையின் விளம்பரங்கள் அதன் பார்வைக்கு வந்தன. உலகெங்கும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது என்றும், அவ்வகைப் பற்பசைகளில் உலகின் முதலாவது என்றும் அவை கூறின. சான்று எங்கே என்று ஆணையம் கேட்டது. நிறுவனம் வெறுங்கையோடு வரவில்லை. பல் மருத்துவர்களிடம் நடத்திய கருத்தாய்வுகளைக் கொணர்ந்து வைத்தது. ஆராய்ந்தபோது, அவை இந்தியப் பல் மருத்துவர்களிடம் மட்டும் நடத்தியவை என்று தெரிந்தது. 2022-இல் அவ்விளம்பரங்களை நிறுத்துமாறு ஆணை பிறந்தது. பத்து லட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது.

இவ்வழக்கில் ஒன்றை நன்கு நோக்குங்கள். கருத்தாய்வு பொய் என்று சொல்லப்படவில்லை. ஆய்வு இந்தியாவில் நின்றது. வாசகம் உலகம் முழுவதும் போயிற்று. சான்று எங்கே நிற்கின்றதோ, அங்கேயே வாசகமும் நின்றிருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் என் மருமகளுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. “எங்களிடமும் சான்று இருக்கிறது, மாமா. பிப்ரவரியில் கல்லூரி விழாவில் பதினான்கு தின்பண்டக் கடைகள் போட்டார்கள். எங்கள் கடையில்தான் முதலில் விற்றுத் தீர்ந்தது. ‘கல்லூரி விழாவில் முதலிடம்’ என்று எழுதலாமா? உலகம் என்றும் தமிழகம் என்றும் சொல்லவில்லையே!”

கெட்டிக்காரப் பெண். இடத்தைச் சரியாகக் குறுக்கிவிட்டாள். “எத்தனை பொட்டலம் கொண்டு போனாய்?” என்று கேட்டேன். நாற்பது என்றாள். “பக்கத்துக் கடைக்காரன்?” இருநூறு வடைக்கு மேல் போட்டானாம். நாற்பது பொட்டலம் இருநூறு வடைக்கு முன்னே தீர்வதில் வியப்பு என்ன? அவள் சொன்னது பொய் அன்று. அவள் கடைதான் முதலில் தீர்ந்தது. ஆனால் அதைப் படிப்பவன் அவளிடம்தான் மிகுதியாக விற்றது என்று எண்ணுவான். அந்த எண்ணம் தவறு. மெய்யான சொற்களைக் கொண்டே தவறான எண்ணத்தை உண்டாக்க முடியும். விளம்பரத் தொழிலில் எங்களுக்கெல்லாம் இது நன்கு பழகிய வித்தை.

மாணவர்களாகிய நீங்கள் இவ்வித்தையை வேறோர் இடத்தில் பார்த்திருப்பீர்கள். பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களில், குடிமைப் பணித் தேர்வில் வென்றவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். கீழே பெயரும் தேர்ச்சி வரிசை எண்ணும் இருக்கும். அவர் அந்நிலையத்தில் பயின்றது மெய்தான். என்ன பயின்றார், எத்தனை நாள் பயின்றார் என்பதுதான் அங்கே இராது. ஆணையம் ஆராய்ந்தபோது, வென்றவர்களுள் பலர் நேர்முகத் தேர்வுக்கான சிறு வழிகாட்டுதலை மட்டும் பெற்றவர்கள் என்பது சில நிலையங்களில் வெளிப்பட்டது. முதல்நிலைத் தேர்வையும் முதன்மைத் தேர்வையும் அவர்கள் வேறு வகையில் கடந்து வந்திருந்தார்கள். பயிற்சித் துறைக்கென 2024-இல் வெளியான நெறிமுறைகள், வென்றவர் பயின்ற பாடப்பிரிவு, அதன் கால அளவு, கட்டணம் செலுத்திப் பயின்றாரா என்பவற்றைப் படத்தோடு சேர்த்து வெளியிடச் சொல்கின்றன. ‘வேலை உறுதி’, ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்பன போன்ற உறுதிமொழிகளையும் தடுக்கின்றன.

முறுக்குக்கு வருவோம். “கொண்டுபோன நாற்பது பொட்டலமும் எவ்வளவு நேரத்தில் தீர்ந்தன?” என்றேன். இரண்டு மணி நேரம் என்றாள். “‘பிப்ரவரிக் கல்லூரி விழாவில் 40 பொட்டலமும் 2 மணி நேரத்தில் விற்றன’ என்று எழுது. அது பெரிதா சிறிதா என்பதைப் படிப்பவன் தீர்மானித்துக்கொள்ளட்டும்” என்றேன். அவளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ‘நம்பர் ஒன்’ என்பதில் இருந்த மிடுக்கு இதில் இல்லை என்று முறையிட்டாள். இல்லைதான். அதை நான் மறுக்கவில்லை.

எஞ்சியது ‘ஒரு மாதம் கேரண்டி’. இதைப் பேசும் முன் என் பழைய கணக்கொன்றைத் தீர்க்க வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கூந்தல் தைலத்துக்கு விளம்பரம் எழுதினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ‘மூன்று புட்டியில் முடி உதிர்வது நிற்கும்; முழு உத்தரவாதம்’ என்று எழுதினேன். எனக்கு அத்தைலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓசை நயமாக இருந்தது, எழுதினேன். சில மாதம் கழித்து அலுவலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருந்தார். மூன்று புட்டியும் தீர்ந்தன, முடி முன்போலவே உதிர்கின்றது, தாங்கள் உத்தரவாதம் என்று எழுதியிருக்கின்றீர்கள், அதன் பொருள் என்ன என்பதைத் தெரிவிக்க வேண்டுகின்றேன் என்று மூன்றே வரி. கோபம் சிறிதும் இல்லை, பொருள்தான் கேட்டிருந்தார். எனக்கு விடை தெரியவில்லை. மேலதிகாரி அட்டையை வாங்கி இழுப்பறையில் போட்டார். விடை போகவே இல்லை.

அதே வினாவை நூறாண்டுக்கு மேலாயிற்று, இங்கிலாந்தில் ஓர் அம்மையார் கேட்டார். அவர் கேட்டது நீதிமன்றத்தில். 1891-இல் இன்புளூயன்சாக் காய்ச்சல் அங்கே பரவியிருந்தது. ஒரு நிறுவனம், கார்பாலிக் மருந்துப் பொடி நிறைந்த ரப்பர் உருண்டை ஒன்றை விற்றது. அதன் குழாயை மூக்கில் வைத்து ஆவியை இழுக்க வேண்டும். இரண்டு வாரம், நாள்தோறும் மூன்று முறை, சொன்ன முறைப்படி பயன்படுத்திய பின்னும் காய்ச்சல் வந்தால் நூறு பவுன் தருவதாக நிறுவனம் விளம்பரம் செய்தது. தன் நேர்மைக்கு அடையாளமாக ஆயிரம் பவுனை வங்கியில் போட்டிருப்பதாகவும் அறிவித்தது. கார்லில் என்ற அம்மையார் அதை வாங்கி, நவம்பர் 20 முதல் நாள்தோறும் மூன்று முறை இழுத்தார். 1892 ஜனவரி 17-இல் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பணம் கேட்டார். அது வெறும் விளம்பரப் பேச்சு என்றது நிறுவனம். ஆயிரம் பவுனை வங்கியில் போட்டேன் என்று சொன்னவன் விளையாட்டாகப் பேசியிருக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1892 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நூறு பவுனும் அவருக்குக் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்நிறுவனம் மறு ஆண்டே தொகையை இருநூறாக உயர்த்தி, நிபந்தனைகளை இறுக்கி, மறுபடியும் விளம்பரம் செய்தது!

இக்கதையை என் மருமகளிடம் சொல்லி, “உத்தரவாதத்தில் இரண்டு வகை உண்டு. பொருள் இப்படி இருக்கும் என்பது ஒரு வகை. இல்லாவிட்டால் நான் இன்னது செய்வேன் என்பது மற்றொரு வகை. முன்னது முறுக்கின் கையில் இருக்கின்றது. பின்னது உன் கையில் இருக்கின்றது. பின்னதைச் சொல்லாமல் முன்னதை மட்டும் சொன்னால், அந்த ஆசிரியையின் அஞ்சலட்டை உனக்கும் வரும்” என்றேன். பொய்யான உத்தரவாதம் தருவதும் தவறான விளம்பரம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகின்றது.

ஒரு மாதம் என்ற கணக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். “பாட்டி சொல்வாள்” என்றாள். பாட்டி காலத்து முறுக்கு பித்தளைத் தூக்கில் இருந்தது. இது மெல்லிய பையில் இருக்கின்றது. ஆகவே சோதித்துப் பார்க்க முடிவு செய்தோம். மூன்று வெவ்வேறு நாளில் சுட்ட முறுக்கிலிருந்து ஐந்தைந்து பொட்டலம் எடுத்துத் தேதி எழுதி வைத்தாள். விற்கும் பையிலேயே, வெயில் படாத அலமாரியில் வைத்தாள். ஒவ்வொரு நாளைச் சேர்ந்ததிலும் பத்தாம் நாள் ஒன்று, பதினைந்தாம் நாள் ஒன்று, இருபது, இருபத்தைந்து, முப்பது என்று பிரித்துப் பார்த்தாள்.

முறுக்கு இரண்டு வழியில் கெடும். காற்றின் ஈரத்தை வாங்கி நமுத்துப்போவது ஒரு வழி, கடித்தாலே தெரியும். அதிலுள்ள எண்ணெய் காற்றோடு கலந்து சிக்கு வாடை அடிப்பது மற்றொரு வழி. இரண்டாவது சில வேளை மொறுமொறுப்பு இருக்கும்போதே வரும். பையைப் பிரித்தவுடன் மூக்கைத்தான் கேட்க வேண்டும். வெளிச்சமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். பலமுறை காய்ந்த எண்ணெயும் அப்படியே. சுட்டவளே சோதித்தால் மனம் இளகும் என்பதால், எந்த நாள் முறுக்கு என்று சொல்லாமல் எதிர்வீட்டு அம்மாளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

பதினைந்தாம் நாள் வரை மூன்றும் நன்றாக இருந்தன. இருபதாம் நாள் ஒன்று சற்றே நமுத்திருந்தது. இருபத்தைந்தாம் நாள் இரண்டில் சிக்கு வாடை. முப்பதாம் நாள் பொட்டலங்களுள் இரண்டை எதிர்வீட்டு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார். ஒன்று மட்டும் முப்பது நாளும் தாங்கியது. ‘ஒரு மாதம் தாங்கும்’ என்று எழுத அந்த ஒன்றைத்தான் பலர் சான்றாகப் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் மூன்றும் தாங்கிய பதினைந்தை எடுத்துக்கொண்டோம். இதற்கும் ஓர் எல்லை உண்டு. சோதனை திருச்சியில், மழையில்லாத நாள்களில் நடந்தது. ஐப்பசி மழையில், கடலோர ஊரில், அதே முறுக்கு எப்படி இருக்கும் என்று இச்சோதனை சொல்லாது. ஆகையால் பையை மட்டும் சற்றுத் தடித்ததாக மாற்றி, நாளைக் கூட்டாமல் பதினைந்திலேயே நிறுத்தினோம்.

பிறகு குறிப்பை எழுதினாள்: “கையால் சுற்றிய முறுக்கு, தேங்காய் எண்ணெயில் சுட்டது. பிரிக்காத பொட்டலம் 15 நாள் மொறுமொறுப்பாக இருக்கும். அதற்குள் நமுத்தால் படம் அனுப்புங்கள். பணம் திருப்பித் தருகிறோம்.”

‘பிரிக்காத பொட்டலம்’ என்ற நிபந்தனையைக் கடைசியில் போடலாம் என்று முதலில் எண்ணினாள். கைப்பேசியில் நீண்ட குறிப்பின் முதல் ஓரிரு வரியே கண்ணில் படும். எஞ்சியது ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பின்னே மறைந்து நிற்கும். உறுதிமொழி வெளியே, நிபந்தனை உள்ளே என்றால் அது பழைய நாளிதழ்களின் பொடி எழுத்துத் தந்திரமேதான். 2022-இல் வெளியான விளம்பர நெறிமுறைகள், பொறுப்புத் துறப்பு வாசகம் முதன்மை வாசகத்தின் மொழியிலேயே, அதே எழுத்துருவில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்கின்றன. தவறான வாசகம் ஒன்றைத் திருத்துவதற்கு அதைப் பயன்படுத்தவும் கூடாது. எனவே நிபந்தனையையும் உறுதிமொழியையும் ஒரே வாக்கியத்தில் வைத்தோம்.

பணம் திருப்பித் தருவதென்றால் எவ்வளவு போகும் என்று என் தங்கை கவலைப்பட்டாள். அது நியாயமான கவலை. அவள் வீட்டில் அப்பணம்தான் மகளின் கல்லூரிக் கட்டணம். நூறு பொட்டலத்துக்கு ஐந்து திரும்பினால் தாங்குமா என்று கணக்குப் பார்த்தாள். தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் அவ்வரியை வெளியிடச் சம்மதித்தாள். தீபாவளிக்கு முன் மூன்று பேர் படம் அனுப்பினார்கள். மூவருக்கும் பணம் போயிற்று.

நான்காவதாகச் சென்னையிலிருந்து ஒருவர் எழுதினார். பணம் கேட்கவில்லை, ஒரு வினாதான் கேட்டார். பொட்டலம் தம்மிடம் வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. பதினைந்து நாள் என்பது சுட்ட நாளிலிருந்தா, தாம் பெற்ற நாளிலிருந்தா என்றார். மருமகள் என்னை அழைத்தாள். குறிப்பை எத்தனை முறை படித்தேன்! எனக்கும் அது தோன்றவில்லை. சோதனையைச் சுட்ட நாளிலிருந்து எண்ணினோம். படிப்பவரோ கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவார். அன்று மாலையே ‘சுட்ட நாளிலிருந்து’ என்ற இரண்டு சொற்களைக் குறிப்பில் சேர்த்தாள். என் தங்கை ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சுட்ட தேதியை எழுதத் தொடங்கினாள்.